இரண்டு நாள் வகுப்பும் ஐம்பது கேள்விகளும் எதைக் காட்டுகின்றன?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குக் காலை ரயிலில் போய் வரும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, சி.எஸ்.எம். எடுக்கவா, பி.எஸ்.எம். எடுக்கவா?" ஒரு குழு ஸ்க்ரம் முறைப்படி இயங்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் பணிக்கான சான்றிதழ்கள் அவை. நாகர்கோவிலில் இருக்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். மென்பொருளைச் சிறு சிறு கால அளவுகளில் பகுதி பகுதியாகக் கட்டும் இந்த ஸ்க்ரம் முறையில் இயங்கும் குழுக்களோடுதான் என் நாள் கழிகிறது என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நெடுநாள் நான் சொன்ன பதில் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. அனுபவம் இருந்தால் சான்றிதழ் தேவையில்லை என்று சிலரிடம் சொன்னேன். விளம்பரத்தில் கேட்கிறார்கள், எடுத்து வைத்துக்கொள் என்று வேறு சிலரிடம் சொன்னேன். அந்தக் குழப்பம் எங்கள் நிறுவனத்தில் ஸ்க்ரம் மாஸ்டர் பணிக்கு ஆள் எடுத்தபோதுதான் தீர்ந்தது. எனவே அந்த நேர்காணலைச் சற்று விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னால், இந்தத் தேர்வுகள் எதை அளக்கின்றன என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

தேர்வின் எல்லை

சி.எஸ்.எம். சான்றிதழை வழங்குவது ஸ்க்ரம் அலையன்ஸ். இதற்கு அவர்கள் அங்கீகரித்த பயிற்றுநரிடம் வகுப்பில் அமர்வது கட்டாயம். பெரும்பாலும் இரண்டு நாள் வகுப்பாக நடக்கிறது. அதன்பின் இணையவழியில் 50 கேள்விகள், ஒரு மணி நேரம். 37 சரியாக இருந்தால் தேர்ச்சி. வகுப்புக் கட்டணத்திலேயே தேர்வும் அடக்கம். முதல் முறை தவறினால், 90 நாட்களுக்குள் இன்னொரு முறை கட்டணமின்றி எழுதலாம். தொடக்க காலத்தில் தேர்வுகூடக் கிடையாது, வகுப்பை முடித்தாலே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். ஸ்க்ரம் முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-இல் அந்த அமைப்பிலிருந்து விலகி ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற வேறோர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் நடத்தும் பி.எஸ்.எம். தேர்வின் முதல் நிலைக்கு வகுப்பு கட்டாயமில்லை. 80 கேள்விகளுக்கு ஒரு மணி நேரத்தில் விடையளித்து 85 விழுக்காடு பெற வேண்டும். கேள்வி ஒன்றுக்கு முக்கால் நிமிடம்தான் கிடைக்கிறது.

இரண்டில் பி.எஸ்.எம். கடினமானது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடினம் வேறு, அளக்கும் பொருள் வேறு. இரண்டு தேர்வுகளும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன: ஸ்க்ரம் கைடு என்ற ஆவணத்தின் விதிகளை இவர் படித்திருக்கிறாரா, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் வைத்திருக்கிறாரா என்பதை. 2020-இல் வந்த பதிப்பு 13 பக்கம்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஸ்பிரிண்ட் எனப்படும் குறித்த நாட்கள் கொண்ட வேலைச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போது அதை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு? எதைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனருக்கு மட்டும். அதுவும் ஸ்பிரிண்டுக்கென்று வைத்த இலக்கு பொருளற்றுப் போனால். கைடைப் படித்தவர் எவரும் இதற்கு விடை சொல்லிவிடலாம். இப்போது எங்கள் ஊர் நிலைமைக்கு வாருங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து தரும் நிறுவனத்தில் உண்மையான பிராடக்ட் ஓனர் கடல் கடந்து, வேறொரு நேர மண்டலத்தில் இருக்கிறார். இங்கே அவருடைய பெயரில் கூட்டங்களுக்கு வருபவர் ஒரு பிசினஸ் அனலிஸ்ட். அவர் தேவைகளை எடுத்துச் சொல்வாரே தவிர, எதையும் நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஸ்பிரிண்டின் நான்காம் நாளில் வாடிக்கையாளர் தன் கட்டண முறையை மாற்றப் போவதாக மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுகிறார். நாம் கட்டிக்கொண்டிருக்கும் பாதி வேலை இனி பயனற்றது. ரத்து செய்யும் உரிமை யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உரிமை உடையவரை அன்று மாலைக்குள் பேச வைப்பது எப்படி, அதுவரை குழு எந்த வேலையைத் தொடர வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதுதான் ஸ்க்ரம் மாஸ்டர் முன் நிற்கும் சிக்கல். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விக்குள் இந்தச் சிக்கலை அடக்க முடியாது.

தேர்வு நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பி.எஸ்.எம். இரண்டாம் நிலையில் 30 கேள்விகளுக்கு 90 நிமிடம் கொடுத்து, சூழ்நிலையை விவரித்துக் கேட்கிறார்கள். மூன்றாம் நிலையில் விடையைக் கட்டுரையாக எழுதச் சொல்கிறார்கள். ஸ்க்ரம் அலையன்ஸும் தன் அடுத்த நிலைச் சான்றிதழுக்கு ஓராண்டுப் பணி அனுபவத்தைக் கேட்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் கையில் நான் காண்பது பெரும்பாலும் முதல் நிலைதான். வேலை விளம்பரங்கள் கேட்பதும் அதைத்தான்.

ஏழாம் நாள் மாலையின் பலகை

எங்கள் விளம்பரத்திலும் சான்றிதழ் கட்டாயம் என்றே இருந்தது. வந்த விண்ணப்பங்களை மனிதவளப் பிரிவினர் முதலில் அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிரித்தார்கள். தக்கலைப் பக்கத்திலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்மணி அந்தச் சல்லடையிலேயே கழிந்துவிட்டார். பல ஆண்டுகள் திருவனந்தபுரத்தில் டெஸ்ட் லீடாக இருந்தவர். அன்றாட ரயில் பயணம் முடியாமல் ஊருக்கு அருகில் வேலை தேடியவர். எங்கள் குழுவில் ஒருவர் அவரோடு முன்பு வேலை செய்திருந்ததால், அவர் வற்புறுத்தலின் பேரில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார். அதே நாளில் மார்த்தாண்டத்திலிருந்து சி.எஸ்.எம். முடித்த இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். இருவரிடமும் எங்கள் பழைய ஸ்பிரிண்ட் ஒன்றில் மிஞ்சிய வேலையை நாள்தோறும் காட்டும் பர்ன்டவுன் படத்தையும், ஒவ்வொரு வேலையும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் பலகையை ஏழாம் நாள் மாலையில் எடுத்த படத்தையும் கொடுத்தேன். என்ன நடந்திருக்கிறது, நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

அந்த ஸ்பிரிண்ட் பத்து வேலை நாள். ஐந்து டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர். ஸ்டோரி எனப்படும் வேலைத் துண்டுகள் ஒன்பது, அவற்றின் அளவு மொத்தம் 40 பாயிண்ட். சீராகப் போனால் ஏழாம் நாள் முடிவில் 12 பாயிண்ட்தான் மிஞ்ச வேண்டும். படத்தில் 34 மிஞ்சியிருந்தது. ஒன்பதாம் நாள் முடிவில் 29. கடைசி நாளில் மட்டும் ஒரே அடியாக 18 பாயிண்ட் முடிந்ததாகக் காட்டி, 11 பாயிண்ட் மீதியோடு ஸ்பிரிண்ட் நின்றிருந்தது. ஏழாம் நாள் பலகையில் முடிந்தவை இரண்டு, டெஸ்டிங்கில் ஐந்து, டெவலப்பர்கள் கையில் இரண்டு.

இளைஞர் படத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டு, கோடு இப்படித் தட்டையாகப் போவதற்குக் காரணம் குழு பலகையைப் புதுப்பிக்காததுதான் என்றார். டெய்லி ஸ்க்ரம் என்ற அன்றாடக் கூட்டம் ஒழுங்காக நடக்கவில்லை, வெளிப்படைத்தன்மை குறைந்துவிட்டது, குழுவுக்கு ஸ்க்ரமின் விழுமியங்களை எடுத்துச் சொல்லி வழிநடத்த வேண்டும் என்றார். சொன்ன சொல் ஒவ்வொன்றும் பாடத்தில் உள்ளதுதான். பலகையைப் புதுப்பிக்காத குழுக்களும் இருக்கின்றன. அங்கும் கோடு இப்படித்தான் தட்டையாகும். ஆனால் இரண்டாவது படம் அவர் முன்னால் மேசைமேல் கிடந்தது. ஐந்து ஸ்டோரிகள் அன்றன்று டெஸ்டிங்குக்கு நகர்த்தப்பட்டிருந்ததே, பலகை புதுப்பிக்கப்பட்டு வந்தது என்பதற்குச் சான்று. அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்மணி பர்ன்டவுன் படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு, "டெஸ்டிங்ல அஞ்சு நிக்குதே சார், டெஸ்ட் பண்ணுறது எத்தன பேரு?" என்று கேட்டார். ஒருவர் என்றேன். "முதல் நாளே அஞ்சு பேரும் ஆளுக்கொண்ணு எடுத்துட்டாங்களா?" ஆம் என்றேன். அடுத்து, டெஸ்ட் சர்வரில் நிரலின் புதிய பதிப்பான பில்டை ஏற்றுவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டார். வாடிக்கையாளரின் குழுதான் ஏற்றும், வாரம் இருமுறை என்று சொன்னதும் படத்தைக் கீழே வைத்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஐந்து பேரும் ஒரே நாளில் தொடங்கினால் ஐந்து வேலையும் ஏறத்தாழ ஒரே நாளில் டெஸ்டிங்குக்கு வந்து சேரும். ஒருவர் அவற்றை வரிசையாகத்தான் பார்க்க முடியும். பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினால், திருத்திய பில்ட் சர்வருக்கு வர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கடைசி நாளில் 18 பாயிண்ட் முடிந்ததாகக் காட்டியதைத்தான் அவர் மிகவும் சந்தேகித்தார். அதில் எத்தனை அடுத்த ஸ்பிரிண்டில் பிழையாகத் திரும்பி வந்தன என்று கேட்டார். கணிசமாகத் திரும்பி வந்தன என்பதுதான் உண்மை.

என்ன செய்திருப்பீர்கள் என்பதற்கு அவர் சொன்ன பதிலும் அதே தெளிவோடு இருந்தது. டெஸ்டிங்கில் இரண்டுக்கு மேல் நிற்கும்போது புதிய ஸ்டோரியை யாரும் தொடங்கக் கூடாது என்று குழுவே ஒப்புக்கொள்ள வைப்பேன். கை ஒழிந்த டெவலப்பர் இன்னொருவர் எழுதியதை டெஸ்ட் செய்யட்டும். பில்ட் ஏற்றும் உரிமையை நம் குழுவுக்குக் கொடுக்கச் சொல்லி வாடிக்கையாளரோடு பேசுவேன். கிடைக்கும்வரை, பில்ட் ஏறும் இரண்டு கிழமைகளை வைத்து எந்த ஸ்டோரி எப்போது முடிய வேண்டும் என்று பின்னோக்கித் திட்டமிடுவேன். நாங்கள் பல மாதம் தடுமாறிக் கண்டுகொண்டதை, இரண்டு படங்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்.

அத்தோடு நேர்காணல் முடிந்திருந்தால் அனுபவமே பெரிது என்று எழுதிவிட்டு நானும் நிறுத்தியிருப்பேன். கடைசியாக, மீந்த 11 பாயிண்டை என்ன செய்வீர்கள் என்று இருவரிடமும் கேட்டேன். அந்தப் பெண்மணி, "ரெண்டு நாள் கூட்டிக்கிடலாம் சார், முடிச்சிட்டே மூடலாம்" என்றார். அவர் இருந்த இடத்தில் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். இளைஞரோ தயங்காமல் சரியாகச் சொன்னார்: ஸ்பிரிண்டின் நீளம் நிலையானது, நீட்டக் கூடாது, முடியாதவை செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாகுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த ஸ்பிரிண்டில் அவற்றை எடுப்பதா என்பது மறுபடி முடிவு செய்யப்பட வேண்டும். அத்தோடு, குழு தேர்ந்தெடுத்த ஸ்டோரிகள் ஒரு முன்கணிப்பே என்றும், குழு தன்னை ஒப்புக்கொடுப்பது ஸ்பிரிண்ட் இலக்குக்குத்தான் என்றும் பிரித்துச் சொன்னார். பல ஆண்டு ஸ்க்ரம் செய்தவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய வகுப்பும் தேர்வும் வீணாகப் போகவில்லை.

எந்தக் குறை எவ்வளவு நாளில் தீரும்

ஆக, இருவரிடமும் ஒவ்வொரு குறை இருந்தது. யாரிடம் என்ன இருக்கிறது என்று எடை போட்டுக்கொண்டிருந்த வரையில் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. யாருடைய குறையை எவ்வளவு காலத்தில் தீர்க்க முடியும் என்று கேட்டபோதுதான் கிடைத்தது. ஸ்பிரிண்டை நீட்டக் கூடாது என்பது எழுதி வைத்த விதி, அதன் காரணத்தோடு ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். டெஸ்டிங்கில் ஐந்து நிற்பதைக் கண்டதும் சர்வரைப் பற்றிக் கேட்கத் தோன்றுவது அப்படிப் படித்து வருவதில்லை. அத்தகைய பலகைகளின் முன்னால் பலமுறை நின்று, தவறான காரணத்தைத் துரத்திப் பிடித்து ஏமாந்தவருக்குத்தான் தோன்றும்.

அந்தப் பெண்மணியைத்தான் எடுத்தோம். சேர்ந்த முதல் வாரமே கைடைப் படிக்கக் கொடுத்தேன். ஸ்பிரிண்டை நீட்டக் கூடாது என்ற இடத்தில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையைப் பாதியில் விட்டுக் கணக்கை மூடுவது போலிப் பெருமை என்றார். விதியைக் காட்டி நான் வாதிடவில்லை. ஒரு ஸ்பிரிண்ட் பத்து நாள், அடுத்தது பன்னிரண்டு நாள் என்று போனால் எவ்வளவு முடித்தோம் என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது, அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பதற்கும் ஆதாரம் இருக்காது என்று பழைய எண்களை எடுத்து வைத்தேன். நீட்டிக்கொள்ளலாம் என்று குழுவுக்குத் தெரிந்தால் ஏழாம் நாளில் யாரும் எச்சரிக்கை அடைய மாட்டார்கள் என்பதை அவரே சொன்னார். அன்றே அந்தக் குறை தீர்ந்தது.

இளைஞருக்கு இது நியாயமா என்று கேட்பீர்கள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரண்டு நாள் வகுப்பு ஒரு ஸ்பிரிண்டைக்கூட உள்ளே வைக்க முடியாத அளவுக்குச் சிறியது. அந்த வகுப்பைத் தகுதியாக அறிவித்து அவரை நேராக ஸ்க்ரம் மாஸ்டர் பணிக்கு அழைத்தது எங்களைப் போன்ற நிறுவனங்கள்தான். டெவலப்பராகவோ டெஸ்டராகவோ ஒரு குழுவில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தால், அவர் படித்த அதே விதிகள் அவருக்கு வேறுவிதமாகப் பொருள்படும். அதை அவரிடமும் சொன்னேன்.

ஆண்டுக் கணக்கு போதுமா

இதை வைத்து, சான்றிதழ் என்ற வரியை எடுத்துவிட்டு "குறைந்தது எட்டு ஆண்டு அனுபவம்" என்று எழுதிவிடலாம் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதை நான் கடுமையாக எதிர்த்தேன். வேறொரு நேர்காணலில், பத்தாண்டுக்கு மேல் இந்த முறையில் வேலை செய்த ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்று அவரிடம் ஒப்பிக்க வேண்டும், அவர் குறித்துக்கொள்வார். அந்த மூன்று கேள்விகளை 2020 பதிப்பு நீக்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை, அதைக்கூடப் பொருட்படுத்தாமல் விடலாம். வேலை செய்த விதத்தை ஸ்பிரிண்டின் முடிவில் குழு அலசிப் பார்க்கும் ரெட்ரோவில் எடுத்த ஒரு முடிவால் அடுத்த ஸ்பிரிண்டில் ஏதாவது மாறியதுண்டா என்று கேட்டதற்கு, அவரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பத்தாண்டும் அவர் கூட்டம் நடத்தியிருக்கிறார், கூட்டத்தின் விளைவைப் பார்த்ததில்லை. ஆண்டுகளின் எண்ணிக்கையும் சான்றிதழைப் போல ஒரு காகித அளவுதான். மனிதவளப் பிரிவு விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு இரண்டும் வசதியாக இருக்கின்றன என்பதால்தான் இரண்டும் விளம்பரத்தில் இடம்பிடிக்கின்றன.

காலம் ஆக ஆகச் சான்றிதழ்கள் பழையதாவதையும் இதே கண்ணோடு பார்க்கிறேன். சி.எஸ்.எம். வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 100 டாலர் கட்டி, கூட்டங்களிலும் வகுப்புகளிலும் கழித்த 20 அலகுகளைக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பி.எஸ்.எம். ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். முதலாவது, நீங்கள் இன்னும் தொடர்பில் இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். இரண்டாவது, என்றோ ஒருநாள் நன்றாகப் படித்திருந்தீர்கள் என்பதற்கு அடையாளம். இடைப்பட்ட காலத்தில் ஒரு குழுவைத் திறம்பட நடத்தினீர்களா என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை.

எங்கள் விளம்பரத்தில் இப்போது சான்றிதழ் "இருந்தால் நன்று" என்ற வரிசைக்குப் போய்விட்டது; ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, விண்ணப்பத்தோடு அரைப்பக்கம் எழுதி அனுப்பச் சொல்கிறோம்: நீங்கள் இருந்த குழு ரெட்ரோவில் எடுத்த ஒரு முடிவு, அதனால் அடுத்து என்ன மாறியது, மாறியதை எப்படி அறிந்தீர்கள். ஸ்க்ரம் மாஸ்டர் என்ற பதவிப் பெயர் இல்லாத டெஸ்டரும் இதை எழுதலாம். எப்படிப்பட்ட விடையை எதிர்பார்க்கிறோம் என்பதற்கு, அந்தப் பெண்மணி தன் பழைய குழுவைப் பற்றிச் சொன்னதையே மாதிரியாக வைத்திருக்கிறேன். எட்டு பாயிண்டுக்கு மேற்பட்ட ஸ்டோரி எதுவும் ஒரு ஸ்பிரிண்டில் முடிவதில்லை என்று கண்டு, ஐந்துக்கு மேல் எதையும் உள்ளே எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்களாம். மீதி குறைந்தது. ஆனால் ஸ்பிரிண்டில் முடித்த வேலையை முன்வைக்கும் ரிவ்யூவில் காட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. பெரிய ஸ்டோரியை டேட்டாபேஸ் தனி, திரை தனி என்று குறுக்கே வெட்டியிருந்ததால், முடிந்த துண்டு எதுவும் தனியாகப் பயன்படவில்லை. அதற்கடுத்த ரெட்ரோவில் வெட்டும் முறையை மாற்றினார்கள்: பயனர் ஒரே ஒரு வகைக் கட்டணத்தை முழுதாகக் கட்டி ரசீது பெறும் அளவு ஒரு துண்டு, இன்னொரு வகைக் கட்டணம் அடுத்த துண்டு.

இந்த அரைப்பக்கத்தைப் படித்துத் தரம் பிரிக்க நேரம் பிடிக்கிறது; மனிதவளப் பிரிவு இன்னும் அதைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே படிக்கும் பொறுப்பைக் குழுவில் உள்ளவர்களே எடுத்துக்கொண்டோம். ரயிலில் போகும் பிள்ளைகள் கேட்டால் இப்போது நான் சொல்வது இதுதான்: கைடை நன்றாகப் படி, ஸ்க்ரம் டாட் ஆர்க் தளத்தில் இருக்கும் இலவசப் பயிற்சித் தேர்வை எழுதிப் பார், தேவைப்பட்டால் பி.எஸ்.எம். எடுத்துக்கொள். ஆனால் கடன் வாங்கி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், இப்போது இருக்கும் குழுவிலேயே அடுத்த ரெட்ரோவை நீ நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கு.